‘முக்கோண ஊக வணிகம்’ என்று ஒன்று கிடையாது

அக்கா மகன் ஒரு கரன்சி வர்த்தகப் பயிற்சி வகுப்புக்குப் பணம் கட்டியிருந்தான். சேலம் ஐந்து ரோட்டுப் பக்கம் ஒரு ஹோட்டல் மாடியில் ஞாயிறு காலை வகுப்பு. துணைக்கு என்னையும் இழுத்துக்கொண்டு போனான். பயிற்சியாளர் திரையில் யூரோ, டாலர், யென் மூன்றையும் மூன்று முனைகளில் வைத்து ஒரு முக்கோணம் போட்டு, அதன் தலையில் ‘முக்கோண ஊக வணிகம்’ என்று எழுதினார். அடுத்த வாக்கியத்திலேயே, “இதுல ரிஸ்க்கே கிடையாதுங்க” என்றார்.

ஊகம் என்று பெயர் வைத்துவிட்டு ரிஸ்க் இல்லை என்றால் எப்படி? இந்தப் பெயரை நான் கேட்பது இது முதல் முறையும் அல்ல. நாளிதழ் வணிகப் பக்கத்தில் பார்த்திருக்கிறேன், யூடியூபில் கேட்டிருக்கிறேன், ஒரு கல்லூரி வினாத்தாளில்கூடப் பார்த்தேன். பேசாமல் இருந்தது போதும் என்று தோன்றியது.

ஆங்கிலத்தில் இதை டிரையாங்குலர் ஆர்பிட்ரேஜ் என்கிறார்கள். ஆர்பிட்ரேஜ் பிரெஞ்சுச் சொல். அதன் வேர் இலத்தீனில் ‘ஆர்பிட்டர்’, அதாவது இரு தரப்பையும் பார்த்துத் தீர்ப்புச் சொல்பவர். 1704-இல் பிரான்சில் வெளியான ஒரு கணக்கியல் நூல், எந்த ஊரின் மீது உண்டியல் எழுதினால் லாபம், எந்த ஊரில் அதைத் தீர்த்தால் லாபம் என்று நாணய மாற்று விகிதங்களை ஒப்பிட்டுப் பார்ப்பதற்கு இந்தச் சொல்லை ஆண்டது. (உண்டியல் என்றதும் கோயில் உண்டியலை நினைக்க வேண்டாம். ஒரு ஊரில் பணம் கட்டி இன்னொரு ஊரில் வாங்கிக்கொள்ள நம் வணிகர்கள் எழுதிய சீட்டுக்கும் அதுதான் பெயர்.) ஆக, பங்குச் சந்தைக்கு வருவதற்கு வெகுகாலம் முன்பே இந்தச் சொல் நாணய மாற்றில்தான் புழங்கியது.

இந்த வேரைப் பிடித்துக்கொண்டு சிலர் ‘நடுவர் வணிகம்’, ‘முக்கோண நடுவர் தீர்ப்பு’ என்றெல்லாம் எழுதுகிறார்கள். அதாவது ஆர்பிட்ரேஜையும் ஆர்பிட்ரேஷனையும் ஒன்றாக்கிவிட்டார்கள். படிக்கிறவர் யாரோ மூன்று பேர் வழக்காடுவதாக நினைப்பார். இந்தப் பிழை உடனே கண்ணில் படுவதால் ஆபத்து குறைவு. ஊக வணிகம் அப்படியில்லை. கேட்க நன்றாக இருக்கிறது, தப்பு தெரிவதில்லை.

ஊக வணிகம் என்பது ஸ்பெகுலேஷனுக்கு வைத்த பெயர், அதற்கு மிகவும் பொருத்தமான பெயரும்கூட. லீ பஜாரில் மஞ்சளை இன்று வாங்கி, தை மாதம் விலை ஏறும் என்று குடோனில் அடுக்குகிறாரே ஒருவர், அவர் செய்வது ஊக வணிகம். நாளைய விலை அவருக்குத் தெரியாது. ஏறும் என்று ஊகிக்கிறார், காத்திருக்கிறார், இறங்கினால் கையைச் சுட்டுக்கொள்கிறார். ஆர்பிட்ரேஜ் செய்பவர் நாளையைப் பற்றிக் கவலையே படுவதில்லை. இந்த நொடியில் இருக்கும் விலைகள் ஒன்றோடொன்று ஒத்துப்போகவில்லை என்பதைப் பார்த்து, வாங்குவதையும் விற்பதையும் ஒரே நேரத்தில் முடித்துவிட்டுப் போகிறார். ஒன்று காத்திருக்கும் தொழில். இன்னொன்றில் காத்திருந்தால் தொழிலே இல்லை. இரண்டுக்கும் ஒரே பெயரை வைத்துவிட்டு மாணவர்களைத் தேர்வில் ‘வேறுபடுத்துக’ என்று கேட்டால் அவர்கள் எங்கே போவார்கள்?

ஒரு கணக்குப் போட்டுப் பார்த்துவிடலாம். எண்கள் நான் வைத்துக்கொண்டவை. ஒவ்வொரு நாணய ஜோடிக்கும் சந்தையில் இரண்டு விலை இருக்கும். செவ்வாய்ப்பேட்டையில் பழைய கொலுசை எடுத்துக்கொள்ளும் விலை ஒன்று, புதிய கொலுசைத் தரும் விலை ஒன்று இல்லையா, அதுபோல. ஒரு யூரோவைக் கொடுத்தால் 1.1000 டாலர் கிடைக்கும், வாங்க வேண்டுமென்றால் 1.1001 டாலர் தர வேண்டும். ஒரு டாலரைக் கொடுத்தால் 150.00 யென், வாங்க 150.01 யென். இந்த இரண்டு ஜோடிகளைப் பெருக்கினாலே யூரோவுக்கும் யென்னுக்கும் என்ன விலை இருக்க வேண்டும் என்று தெரிந்துவிடும். சுற்று வழியில் ஒரு யூரோவை வாங்க 1.1001 பெருக்கல் 150.01, அதாவது 165.026 யென் ஆகும்.

இப்போது நேர் வழியில் ஒரு யூரோவுக்கு 165.05 யென் தர ஒருவர் தயாராக நிற்கிறார் என்று வையுங்கள். 10 லட்சம் யூரோவை அவரிடம் தள்ளினால் 16,50,50,000 யென் வரும். அதை 150.01 வீதம் டாலராக மாற்றினால் சுமார் 11,00,260 டாலர். அதை 1.1001 வீதம் திரும்ப யூரோவாக்கினால் 10,00,145 யூரோ. கிளம்பிய இடத்துக்கே வந்து சேர்ந்தோம், கையில் 145 யூரோ கூடுதல்.

அதே ஆள் 165.05-க்குப் பதில் 165.02 தருகிறார் என்றால்? 1.1000-ஐ 150.00-ஆல் பெருக்கி, 165.00-தானே வருகிறது, இது அதைவிட அதிகம், லாபம் என்று அவசரப்படத் தோன்றும். சுற்றி வந்து பாருங்கள், சுமார் 36 யூரோ நட்டம். தாண்ட வேண்டிய கோடு 165.026. கொடுக்கும் விலைக்கும் வாங்கும் விலைக்கும் உள்ள வித்தியாசத்தை மூன்று முறை கடந்த பிறகும் மிஞ்சினால்தான் அது ஆர்பிட்ரேஜ்.

சரி, இந்த 145 யூரோ ஏன் அங்கேயே கிடப்பதில்லை?

நேர் வழி விலைக்கும் சுற்று வழி விலைக்கும் நடுவில் இந்த இடைவெளி எப்படிப் பிறக்கிறது என்று பார்த்தால் ஏன் மறைகிறது என்பதும் புரிந்துவிடும். யூரோ–யென் விலையைத் தரும் வங்கிகளின் கணினிகள் பெரும்பாலும் அதைத் தனியாக யோசித்துச் சொல்வதில்லை. மற்ற இரண்டு ஜோடிகளையும் பெருக்கித்தான் போடுகின்றன. டாலர்–யென் திடீரென்று நகர்கிறது. ஒரு கணினி உடனே பெருக்கிப் புது விலை போட்டுவிடுகிறது, இன்னொன்றின் பழைய விலை இன்னும் திரையில் நிற்கிறது. அந்தப் பழைய விலைதான் இடைவெளி. அப்புறம் ஒரு ஓட்டப்பந்தயம். பழைய விலைக்காரர் அதை எடுத்துவிடப் பார்க்கிறார், மற்றவர்கள் அதற்குள் அடித்துவிடப் பார்க்கிறார்கள். யார் ஜெயித்தாலும் அந்த விலை போய்விடுகிறது. அடித்தவர்களின் வியாபாரமே விலைகளைத் தள்ளவும் செய்கிறது. யூரோவை விற்பதால் யூரோ–யென் இறங்குகிறது, டாலரை வாங்குவதால் டாலர்–யென் ஏறுகிறது, யூரோவைத் திரும்ப வாங்குவதால் யூரோ–டாலர் ஏறுகிறது. மூன்றும் இடைவெளியை மூடும் திசையிலேயே நகர்கின்றன.

2005-ஆம் ஆண்டு விலைகளைச் சோதித்த ஓர் ஆய்வில், இப்படித் தென்பட்ட இடைவெளிகளில் பாதிக்கு மேல் 1 விநாடிக்குள் மறைந்தன. பெரும்பாலானவை லட்சத்துக்குப் பத்து ரூபாய் அளவைக்கூடத் தாண்டவில்லை. அமெரிக்க ஃபெடரல் ரிசர்வ் பொருளியலாளர்கள் நான் மேலே சொன்ன இதே மூன்று நாணயங்களின் 2003 முதல் 2007 வரையான விலைகளை எடுத்துப் பார்த்தபோது, கணினி வழி வர்த்தகம் பெருகப் பெருக இந்த வாய்ப்புகள் குறைந்தது தெரிந்தது. அதற்கப்புறம் கணினிகள் இன்னும் வேகமாகிவிட்டன.

நம் இலக்கணம் கண் இமைக்கும் நேரத்தை ஒரு மாத்திரை என்று அளக்கிறது. ஓர் இமைப்புக்கு நூறு மில்லி விநாடிக்கு மேல் ஆகும். சேலத்திலிருந்து லண்டன் நேர்கோட்டிலேயே 8000 கிலோமீட்டருக்கு மேல். கண்ணாடி இழையில் ஒளி விநாடிக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர் ஓடும். ஆக லண்டன் விலை நம் ஊர்த் திரைக்கு வரவே 40 மில்லி விநாடிக்கு மேல் பிடிக்கும், நம் ஆர்டர் திரும்பிப் போக இன்னொரு 40. கடலடிக் கேபிள் நேர்கோட்டில் வருவதும் இல்லை. போட்டிக்காரர்களோ சந்தையின் கணினி இருக்கும் கட்டடத்திலேயே தங்கள் கணினியை வைத்திருக்கிறார்கள். ஏற்காட்டு மலை உச்சியில் டவர் வைத்தாலும் நமக்கு வேலைக்காகாது.

பயிற்சியாளர் சொல்லாமல் விட்டது இன்னொன்று. மூன்று வியாபாரமும் முடிந்தால்தான் சுற்று முடியும். முதலாவது நடந்து, இரண்டாவது நடப்பதற்குள் விலை ஓடிவிட்டால் கையில் 16 கோடி யென்னோடு நிற்பீர்கள். யென் ஏறுமா இறங்குமா என்று வானத்தைப் பார்க்க வேண்டியதுதான். அந்த இடத்தில் அது நிஜமாகவே ஊக வணிகம் ஆகிவிடுகிறது. அந்தச் சொல்லை இதற்காகவாவது மிச்சம் வைக்க வேண்டாமா?

அப்படியானால் தமிழில் என்ன சொல்வது? ‘இடைத்தரகு’ ஆகாது. தரகர் சொந்தப் பணத்தில் வாங்குவதில்லை. ‘விலை வேறுபாட்டு வணிகம்’ ஓரளவு நல்ல சொல், நானே கொஞ்ச காலம் எழுதினேன். தலைவாசலில் தக்காளி ஒரு விலை, சென்னையில் ஒரு விலை என்றால் அது வேறுபாடு. ஒரே பொருள், இரண்டு விலை. ஆனால் முக்கோணத்தில் ஒரே பொருளுக்கு இரண்டு விலை எழுதி வைத்திருப்பதில்லை. மூன்று வெவ்வேறு விலைகள் இருக்கின்றன. தனித்தனியாகப் பார்த்தால் ஒவ்வொன்றும் சரி, சேர்த்துப் பெருக்கினால்தான் ஒன்றுக்கொன்று பொய் சொல்கின்றன. அதற்குத் தமிழில் முரண் என்று ஒரு சொல் இருக்கிறது. எனவே ஆர்பிட்ரேஜுக்கு ‘விலைமுரண் வணிகம்’. முக்கோணத்துக்கு ‘மும்முனை விலைமுரண் வணிகம்’. முக்கோணம் என்றே வைத்துக்கொண்டாலும் எனக்குச் சண்டை இல்லை. நீளமாக இருக்கிறது என்பவர்கள் ஆர்பிட்ரேஜ் என்றே தமிழ் எழுத்தில் எழுதட்டும். தப்பான தமிழ்ச் சொல்லைவிடச் சரியான கடன்சொல் எனக்கு மேல். தனித்தமிழ் நண்பர்கள் இதற்குக் கோபிப்பார்கள், பரவாயில்லை. மொழிபெயர்ப்பவர்களிடம் என் குறையெல்லாம் ஒன்றுதான். அகராதியைத் திறப்பதற்கு முன் அந்தக் கணக்கை ஒரு முறையாவது போட்டுப் பார்ப்பதில்லை.

வகுப்பு முடிந்து வந்த அன்றே மருமகன் எக்செல்லில் ஒரு தாள் போட்டான். ரூபாய், டாலர், யூரோ. மத்தியானத்துக்குள் ஏழெட்டு இடத்தில் பச்சை விழுந்தது. “மாமா, பாருங்க, கிடைக்குது!” என்றான். பார்த்தேன். எல்லா விலையும் இணையத்திலிருந்து எடுத்த ஒற்றை விலை, அதுவும் ஒவ்வொன்றும் வெவ்வேறு நிமிடத்து விலை. ரூபாய்–யூரோ குறிப்பு விலையை, அதை வெளியிடும் எஃப்பிஐஎல் நிறுவனம் டாலர்–ரூபாய் விலையையும் யூரோ–டாலர் விலையையும் சேர்த்துத்தான் கணக்கிடுகிறது. பெருக்கி வந்த விடைக்குள் முரணைத் தேடுவானேன்? ரிசர்வ் வங்கி அனுமதிக்காத தளங்களில் நாணய வர்த்தகம் செய்தால் அந்நியச் செலாவணிச் சட்டப்படி நடவடிக்கை வரும் என்பதையும் சேர்த்துச் சொன்னேன். அந்த வகுப்பில் இதுவும் வரவில்லை.

தாளை அழிக்கச் சொல்லவில்லை. ஒவ்வொரு ஜோடிக்கும் கொடுக்கும் விலை, வாங்கும் விலை என்று இரண்டு கட்டம் போடச் சொன்னேன், மூன்றையும் ஒரே நிமிடத்தில் எடுக்கச் சொன்னேன். தலைப்பையும் மாற்றிக்கொள் என்றேன். ‘மும்முனை’ வரை அடித்துவிட்டு நிறுத்தினான்.

“மும்முனைன்னா கரண்ட் இல்லீங்களா மாமா?”

“அதுவும்தான். முழுசா அடி” என்றேன். சாயங்காலம் வரைக்கும் தாளில் பச்சையே விழவில்லை.