புதிய ஓவனுக்குப் பெரிய லைன்: பேக்கரிக்காரர் கட்டட உரிமையாளருக்கு எழுத வேண்டிய கடிதம்

கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் வாடகைக் கட்டடத்தில் பேக்கரி நடத்தும் ஒருவர், கட்டட உரிமையாளருக்குத் தாம் எழுதிய கடிதத்தின் நகலோடு என்னிடம் வந்தார். "புதிய ஓவன் வாங்குகிறேன், இப்போதுள்ள ஒயரிங் மோசமாக இருக்கிறது, பெரிய லைன் போட்டுத் தரவும்" என்று மூன்றே வரிகள் அதில் இருந்தன. மாடியில் குடியிருக்கும் உரிமையாளர் ஓய்வுபெற்ற ஆசிரியர். "இருக்கிற கரண்டே போதும் தம்பி" என்று ஒரே வார்த்தையில் அவர் மறுத்துவிட்டார். மின் ஒப்பந்தப் பணியில் இப்படி மறுக்கப்பட்ட கடிதங்கள் பலவற்றைப் பார்த்திருக்கிறேன். பெரும்பாலானவற்றில், உரிமையாளரின் மனத்தில் எழும் கேள்விகளுக்கு ஒரு பதிலும் இருப்பதில்லை.

கடிதத்தைத் திருத்துவதற்கு முன் கடையைப் பார்க்கப் போனேன். இணைப்பு ஒருமுனை, அனுமதிக்கப்பட்ட மின்பளு 4 கிலோவாட். மீட்டர் முன்பக்க மாடிப்படிக்குக் கீழே இருக்கிறது. அடுப்படியோ 28 மீட்டர் தள்ளி, கட்டடத்தின் பின்பக்கம். பழைய மேசை ஓவனும் மாவு பிசையும் மிக்சரும் சேர்ந்து ஓடும்போது கிளாம்ப் மீட்டரில் 20 ஆம்பியர் காட்டியது. அதே நேரத்தில் மீட்டர் பலகையில் 226 வோல்ட் இருந்தது. ஓவன் முனையில் 208 மட்டுமே இருந்தது. அங்கு ஓடும் 4 சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பியில், அந்த நீளத்துக்கு, 20 ஆம்பியருக்கு ஏறத்தாழ 6 வோல்ட்தான் குறைய வேண்டும். மீதி 12 வோல்ட் எங்கே போகிறது என்று தேடியபோது, நடைபாதைச் சுவரில் இருந்த இணைப்புப் பெட்டியின் மூடி பழுப்பேறி வளைந்திருந்தது. திறந்து பார்த்தால், முறுக்கி டேப் சுற்றிய இணைப்பு. கடற்காற்றில் பச்சை பூத்த செம்பு. கம்பியின் மேலுறை கருகி, தொட்டால் உதிர்ந்தது. 12 வோல்ட்டை 20 ஆம்பியரால் பெருக்கினால் 240 வாட். தீப்பெட்டியைவிடச் சற்றே பெரிய ஒரு பெட்டிக்குள் அவ்வளவு வெப்பம் தினமும் பல மணி நேரம் வெளியாகிக்கொண்டிருந்தது. அன்றே லைனை நிறுத்தி, அந்த இணைப்பை வெட்டிவிட்டு முறையான முனையங்களில் கட்டிக் கொடுத்தேன். அதற்குக் கடிதத்தின் பதிலுக்காகக் காத்திருக்க முடியாது.

பன்னின் அடிப்பக்கம் வெளுத்தே இருக்கிறது, வேகும் நேரம் நீள்கிறது என்று அவர் பல மாதங்களாக மாவையும் ஈஸ்டையும் மாற்றிப் பார்த்திருக்கிறார். ஹீட்டரின் திறன் மின்னழுத்தத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது; 230 வோல்ட்டுக்குச் செய்த ஹீட்டருக்கு 208 வோல்ட் கிடைத்தால் வெப்பம் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைந்துவிடும். ஓவன் ஓடும்போது விளக்கு மங்குவதும், மாலையில் மட்டும் தட்டுகள் தாமதமாக வேகுவதும் இதற்கான அடையாளங்கள். ஓவனைக் குறை சொல்வதற்கு முன், ஓடும் நிலையிலேயே மீட்டர் பலகையிலும் ஓவன் அருகிலும் வோல்ட்டை உரிமம் பெற்ற மின்பணியாளரைக் கொண்டு அளந்துவிட வேண்டும்.

அவர் வாங்க நினைத்தது 12 கிலோவாட் டெக் ஓவன். அதை ஒருமுனையில் ஓட்டினால் 52 ஆம்பியர் இழுக்கும். அந்தக் கம்பி அதைத் தாங்காது. மும்முனையில் முனைக்கு 17 ஆம்பியர் போதும். மிக்சர், இரண்டு குளிர்பதனப் பெட்டிகள், விளக்கு, விசிறி எல்லாவற்றையும் மூன்று முனைகளுக்கும் பிரித்துக் கொடுத்தால், அதிகம் சுமக்கும் முனையில் 23 ஆம்பியர் வரும். ஓவன் விடியற்காலையிலிருந்து தொடர்ந்து ஓடும் சுமை என்பதால் கால் பங்கு கூட்டி 32 ஆம்பியர் பிரேக்கரும், அடுப்படியின் சூட்டில் கேபிளின் தாங்குதிறன் குறையும் என்பதால் 10 சதுர மில்லிமீட்டர் நான்கு கோர் செம்பு ஆர்மர்ட் கேபிளும் போடலாம் என்று முடிவு செய்தோம்.

ஆனால் உரிமையாளரின் அச்சம் கேபிளைப் பற்றியது அல்ல என்பதை, அவரிடம் நேரில் பேசிய பிறகே புரிந்துகொண்டேன். இணைப்பு அவர் பெயரில் இருக்கிறது. வணிக இணைப்புக்குக் கிலோவாட் கணக்கில் நிலைக்கட்டணம் உண்டு. கடைக்காரர் காலி செய்துவிட்டுப் போன பிறகும், மின்பளுவைக் குறைக்காதவரை, புதிதாகக் கேட்கும் 15 கிலோவாட்டுக்கான கட்டணம் அவர் பெயரிலேயே வந்துகொண்டிருக்கும். அவர் கேட்டது முற்றிலும் நியாயமான கேள்வி. அதற்கான பதிலையே கடிதத்தின் மையமாக வைத்து, கடைக்காரரும் நானும் உட்கார்ந்து மீண்டும் எழுதினோம்:

"மதிப்பிற்குரிய ஐயா, தங்கள் கட்டடத்தின் தரைத்தளத்தில் பேக்கரி நடத்தும் நான், பழைய ஓவனை எடுத்துவிட்டு 12 கிலோவாட் மும்முனை ஓவன் வைக்க விரும்புகிறேன். மற்ற கருவிகளையும் சேர்த்து என் தேவை 14.5 கிலோவாட். எனவே மின்பளுவை 4-லிருந்து 15 கிலோவாட்டாக உயர்த்தவும், மும்முனைக்கு மாற்றவும் மின்வாரியத்துக்கு அளிக்கும் விண்ணப்பத்தில் தங்கள் கையெழுத்தை வேண்டுகிறேன். கூடுதல் வைப்புத்தொகை, வாரியக் கட்டணங்கள், கேபிள், கூலி அனைத்தும் என் செலவு. கேபிள் கிழக்குச் சுவரின் வெளிப்புறமாகவே செல்லும். சுவரில் காடி வெட்டமாட்டோம். எர்த் போட, கொல்லையில் இரண்டு குழிகளுக்கு இடம் தர வேண்டுகிறேன். நான் காலி செய்யும்போது, மின்பளுவைப் பழையபடி குறைக்க என் செலவில் விண்ணப்பித்து, குறைக்கப்பட்ட ஆணையைத் தங்களிடம் கொடுத்த பிறகே முன்பணத்தைத் திரும்பப் பெறுவேன். கேபிளும் எர்த்தும் கட்டடத்திலேயே இருக்கும். ஓவனும் அதன் பிரேக்கர் பெட்டியும் என்னுடையவை."

"ஒயரிங் மோசம்" என்ற சொல்லை முழுவதுமாக எடுத்துவிட்டோம். தாம் பார்த்துப் பார்த்துக் கட்டிய கட்டடத்தை ஒருவர் குறை சொன்னால் எவருக்கும் மனம் இறுகிவிடும். பழுதான இணைப்புப் பெட்டியின் புகைப்படத்தை மட்டும் கடிதத்தோடு இணைத்தோம். எர்த் குழி விஷயத்தைப் பலர் கடிதத்தில் எழுதாமல் விட்டுவிட்டு, வேலை நடக்கும் நாளில் கொல்லையில் கடப்பாறையோடு போய் நின்று சண்டையாக்கிக்கொள்கிறார்கள். 250 வோல்ட்டுக்கு மேல் இயங்கும் கருவியின் உலோக உடலை இரண்டு தனித்தனி இணைப்புகளால் எர்த் செய்ய வேண்டும் என்பது விதி. ஈரத் துணியும் ஈரக் கையுமாக வேலை நடக்கும் பேக்கரியில் அதை விட்டுக்கொடுக்க முடியாது. கடலோர மண்ணில் இரும்புப் பட்டை விரைவில் அரித்துவிடும் என்பதால் செம்பையே பரிந்துரைத்தேன்.

உரிமையாளர் இரண்டு நாள் கடிதத்தை வைத்திருந்து, காலி செய்யும்போது மின்பளுவைக் குறைப்பது பற்றிய வரியை வாடகை ஒப்பந்தத்திலும் சேர்க்கச் சொல்லிவிட்டுக் கையெழுத்திட்டார். ஓவனுக்கு முன்பணம் கட்டுவதை, வாரியம் கூடுதல் மின்பளுவுக்கு அனுமதி தரும்வரை தள்ளிப்போடச் சொல்லியிருந்தேன். தெருவில் ஓடும் லைனில் இடமில்லையென்றால் வாரியத்தின் பக்கம் வேலை நீளும், அதற்குள் ஓவனின் மாதத் தவணை தொடங்கிவிடும்.

புதிய ஓவன் முழுச் சுமையில் ஓடிய அன்று மீட்டர் பலகையில் முனைக்கு 231 வோல்ட், ஓவன் முனையில் 229 இருந்தது. நியூட்ரல் முனையத்தை இருமுறை முறுக்கிப் பார்த்துவிட்டே மூடினேன்; மும்முனையில் நியூட்ரல் தளர்ந்தால் ஒருமுனைக் கருவிகளுக்கு 300 வோல்ட்டுக்கும் மேல் ஏறி, முதலில் குளிர்பதனப் பெட்டிதான் எரியும். ஒரு மாதம் கழித்து, லைனை நிறுத்தி, எல்லா முனையங்களையும் மீண்டும் இறுக்க வருவதாக நாள் குறித்து, அதைப் பிரேக்கர் பெட்டியின் உள்மூடியில் எழுதி ஒட்டியிருக்கிறேன்.