சொந்த வீடு வாங்கியாச்சு, வாடகை வீட்டு நோட்டீஸைக் குறைக்கச் சொல்லிக் கேட்கலாமா?

கேட்கலாம். ஆனால் கேட்பது உரிமையில் வராது, சம்மதத்தில்தான் வரும். இதை முதலில் மனதில் வைத்துக்கொண்டால் பாதிச் சண்டை வராது.

சொந்த வீடு வாங்கிவிட்டதால் குடியிருப்பவர் உடனே காலி செய்யலாம், நோட்டீஸ் மாதங்களுக்கு வாடகை தர வேண்டாம் என்று தமிழ்நாட்டில் எந்தச் சட்டமும் சொல்லவில்லை. 2017-ல் கொண்டுவந்து 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த நில உரிமையாளர் வாடகைதாரர் சட்டத்தில் குடியிருப்பவர் காலி செய்வதற்கு இருக்கிற வழி எளிதானது: ஒப்பந்தத்தில் எத்தனை நாள் என்று எழுதியிருக்கிறதோ அத்தனை நாள் நோட்டீஸ், இல்லையென்றால் ஒரு மாதம். எதற்காகப் போகிறோம் என்பது அதில் வரவே வராது. அதனால் முதல் வேலை, பீரோவில் இருக்கும் ஒப்பந்தப் பத்திரத்தை எடுத்துப் படிப்பது. பலர் இதைச் செய்யாமலே "ஒரு மாசம்தானே" என்று நினைத்துக்கொண்டு பேசப் போய்விடுகிறார்கள், அங்கே இரண்டு மாதம், சில இடத்தில் மூன்று மாதம் என்று இருக்கும்.

பத்திரத்தில் இரண்டு வரிகளைத் தனித்தனியாகப் பாருங்கள். ஒன்று நோட்டீஸ் காலம். இன்னொன்று லாக்-இன், அதாவது குறைந்தபட்சம் இத்தனை மாதம் இருந்தே ஆக வேண்டும் என்கிற நிபந்தனை. குடிவந்து நாலு மாதம்தான் ஆகிறது, லாக்-இன் ஆறு மாதம் என்றால், நோட்டீஸைக் குறைப்பதற்கு முன்னால் அந்த மீதி மாதங்களைப் பற்றியும் பேசியாக வேண்டும். இரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொண்டு, நோட்டீஸுக்கு மட்டும் சம்மதம் வாங்கிவிட்டு, கடைசியில் அட்வான்ஸ் கணக்குப் பார்க்கும்போது லாக்-இன் பணம் பிடிக்கப்பட்டு அதிர்ந்து போனவர்களைப் பார்த்திருக்கிறேன்.

சரி, சட்டம் கொடுக்காவிட்டாலும் சட்டம் தடுக்கவும் இல்லை. இந்திய ஒப்பந்தச் சட்டம் 1872-ன் 63-வது பிரிவுப்படி, தனக்குச் சேர வேண்டியதை ஒருவர் முழுதாகவோ கொஞ்சமாகவோ விட்டுக்கொடுக்கலாம், அதற்கு ஈடாக எதையும் வாங்கிக்கொள்ள வேண்டும் என்றுகூட இல்லை. வீட்டுக்காரர் "ஒரு மாசம் போதும்மா" என்று சொல்லிவிட்டால் அது செல்லும். ஆனால் சொன்னது எழுத்தில் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் நாளைக்கு அவர் மகன் வந்து கணக்குப் பார்க்கும்போது உங்களிடம் காட்ட ஒன்றும் இருக்காது.

போன வருஷம் என் தங்கைக்கு நடந்ததைச் சொல்கிறேன். மடிப்பாக்கத்தில் மாத வாடகை 17,000, அட்வான்ஸ் ஒரு லட்சம், இரண்டு மாத நோட்டீஸ். லாக்-இன் எப்போதோ முடிந்துவிட்டது. கூடுவாஞ்சேரியில் பழைய ஃபிளாட் ஒன்றை வாங்கினார்கள். மே கடைசியில் பத்திரப்பதிவு முடிந்தது, அன்றைக்கே சாவியும் கைக்கு வந்தது. ஜூன் 10 முதல் வங்கித் தவணை 34,000. ஜூன் 1-ல் நோட்டீஸ் கொடுத்தால் ஜூலை 31 வரை வாடகை. இரண்டு மாதமும் தவணையும் வாடகையும் சேர்ந்து மாதத்துக்கு 51,000 போனால் பிள்ளைகளுக்குப் பள்ளிக் கட்டணம் கட்டும் நேரத்தில் எங்கே போவது? ஜூன் 30-ல் காலி செய்துகொள்ளலாமா என்று கேட்பதாக முடிவு செய்தார்கள்.

ஓனர் அம்மா வயதானவர். அவருக்கு அந்த வாடகைதான் மாத வருமானம். முதலில் தங்கை தன் கஷ்டத்தைத்தான் சொன்னாள்: தவணை, பள்ளி, கிரகப்பிரவேசச் செலவு. அந்த அம்மா பொறுமையாகக் கேட்டுவிட்டு, "நீ சொல்றது புரியுதும்மா, ஆனா ரெண்டு மாசம்னுதானே எழுதியிருக்கோம், நான் என்ன பண்ண?" என்றார். அவர் சொன்னதும் நியாயம். வீடு ஒரு மாதம் காலியாகக் கிடந்தால் நஷ்டம் அவருக்கு.

அடுத்த நாள் அவள் திரும்பப் போய் வேறு மாதிரி பேசினாள். இதுதான் இந்தக் கதையில் முக்கியமான இடம். "ஆன்ட்டி, ஜூலை 31-ன்னா நடு ஆடி. ஆடியில யாரும் புதுசா வாடகைக்கு வர மாட்டாங்க, ஆவணி பொறக்கிற வரைக்கும் வீடு சும்மாதான் கிடக்கும். நாங்க ஜூன் 30-ல காலி பண்ணிட்டா, வெள்ளையடிச்சு ஆடி பொறக்கறதுக்கு முன்னாடியே ஆளைக் குடிவெச்சிடலாம். இப்ப பள்ளிக்கூடம் தொறக்கிற நேரம், பக்கத்துலயே வீடு தேடறவங்க நிறைய இருப்பாங்க." ஆடி ஜூலை 17 வாக்கில் பிறக்கிறது, ஆகஸ்ட் நடுவில்தான் முடிகிறது. இரண்டு மாத நோட்டீஸை முழுசாக வாங்கியிருந்தால் அந்த அம்மாவுக்கு ஜூலை வாடகை வந்திருக்கும், ஆகஸ்டில் பாதி போயிருக்கும். முன்னாலே காலி செய்வது அவருக்கே லாபம் என்பது அந்த நாட்காட்டியைப் பார்த்தால்தான் தெரிகிறது. உங்கள் ஊரில் ஆடிக்குப் பதில் மார்கழி குறுக்கே வரலாம், கல்லூரிக்குப் பக்கத்தில் வீடு என்றால் சேர்க்கை முடிந்த மாதங்கள் குறுக்கே வரலாம். உங்கள் நோட்டீஸ் முடியும் தேதியில் அந்த வீட்டுக்கு ஆள் கிடைக்குமா என்று முதலில் பாருங்கள், பிறகு பேசுங்கள்.

அந்த அம்மா யோசித்து ஒரு நிபந்தனை சொன்னார். ஜூன் 30-ல் சாவியைக் கொடுக்கலாம், ஆனால் புது ஆள் வரும் வரைக்கும், அல்லது ஜூலை 15 வரைக்கும், எது முதலில் வருகிறதோ அதுவரை வாடகை தர வேண்டும். தங்கை ஒத்துக்கொண்டாள். இந்த மாதிரி ஏற்பாட்டில் மேல் தேதி ஒன்று கட்டாயம் இருக்க வேண்டும். "புது ஆள் வர வரைக்கும்" என்று மட்டும் ஒத்துக்கொண்டால், அவர் வாடகையை இரண்டாயிரம் ஏற்றிச் சொல்லி யாரும் வராமல் போனாலும் உங்கள் தலையில்தான் விழும்.

பேசி முடித்த அன்றே அவள் வாட்ஸ்அப்பில் அனுப்பியது இது:

"வணக்கம் ஆன்ட்டி. இன்னைக்கு பேசினபடி, நாங்கள் ஜூன் 30-ம் தேதி வீட்டைக் காலி செய்து சாவியைத் தந்துவிடுகிறோம். ஒப்பந்தத்தில் உள்ள இரண்டு மாத நோட்டீஸுக்குப் பதில் இதை ஏற்றுக்கொள்கிறீர்கள். புது ஆள் குடிவரும் நாள் அல்லது ஜூலை 15, எது முதலில் வருகிறதோ அதுவரை நாள் கணக்கில் வாடகை தருகிறோம். அதையும் பெயின்ட் செலவு, கரண்ட் பில்லையும் கழித்துக்கொண்டு மீதி அட்வான்ஸைத் தந்துவிடுவீர்கள். சரி என்றால் பதில் போடுங்கள்."

"சரிம்மா" என்று பதில் வந்தது. அதையே ஒரு தாளில் எழுதி இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டு ஆளுக்கு ஒரு பிரதி வைத்துக்கொண்டார்கள். வாட்ஸ்அப் பதில் சான்றுதான், ஆனாலும் போன் மாறும், எண் மாறும், தாள் நல்லது. ஒப்பந்தத்தில் இரண்டு பேர் பெயர் ஓனராக இருந்தால் இரண்டு பேர் சம்மதமும் வேண்டும்.

புது ஆள் ஜூலை 9-ல் வந்தார். எட்டு நாள் வாடகை: 17,000-ஐ 31-ஆல் வகுத்து எட்டால் பெருக்கினால் 4,387. பெயின்டுக்கு 10,000 என்று முன்பே பேசியிருந்தார்கள். கரண்ட் 1,860. மொத்தம் 16,247 போக 83,753 திரும்பி வந்தது. நோட்டீஸ் முழுவதும் இருந்திருந்தால் ஜூலைக்கு 17,000 போயிருக்கும். கரண்ட் கணக்கில் தகராறு வராமல் இருந்ததற்குக் காரணம், சாவி கொடுத்த அன்று மீட்டரில் இருந்த ரீடிங்கைப் போட்டோ எடுத்து அப்போதே அவருக்கு அனுப்பியதுதான். இரண்டு மாதத்துக்கு ஒரு முறைதான் கணக்கெடுக்க வருவார்கள் என்பதால் இடையில் காலி செய்யும்போது நீங்களே இதைச் செய்ய வேண்டியிருக்கும்.

புது ஆள் குடிவந்த பிறகும் உங்களிடம் மீதி நோட்டீஸ் நாளுக்கு வாடகை கேட்டால் அது சரியில்லை. சொத்து மாற்றுச் சட்டம் 1882-ன் 111-வது பிரிவுப்படி குடியிருப்பவர் வீட்டை ஒப்படைத்து வீட்டுக்காரர் ஏற்றுக்கொண்டால் வாடகை உறவு அங்கே முடிகிறது, அந்த ஏற்பு வாயால் சொன்னதாக இல்லாமல் செய்கையாலும் தெரியலாம். வேறொருவரைக் குடிவைப்பது அப்படிப்பட்ட செய்கைதான். ஒரே வீட்டுக்கு ஒரே நாளில் இரண்டு பேரிடம் வாடகை வாங்க முடியாது.

இதில் சாவிதான் எல்லாம். சாமானை ஏற்றிக்கொண்டு போய்விட்டு, கழுவி விடலாம் என்று சாவியைப் பத்து நாள் கையில் வைத்திருந்தால் வீடு இன்னும் உங்களிடம்தான் இருக்கிறது, வாடகையும் ஓடும். ஒப்படைக்கும்போது ஒவ்வொரு அறையாக வீடியோ எடுத்துவிட்டு, சாவி வாங்கிக்கொண்டதை அவரையே ஒரு வரி எழுதச் சொல்லுங்கள்.

அவர் கடைசி வரை ஒத்துக்கொள்ளவில்லை என்றால்? நோட்டீஸ் முழுதுக்கும் வாடகை கொடுத்துத்தான் ஆக வேண்டும். முன்னாலே குடிபெயரலாம், பணம் நிற்காது. அந்த நாட்களில் சாவி உங்களிடமே இருக்கட்டும், புது வீட்டில் பெயின்ட், கப்போர்டு வேலை முடியும் வரை சாமான் இங்கேயே இருந்துவிட்டுப் போகட்டும். கோபத்தில் பலர் செய்கிற காரியம், கடைசி இரண்டு மாத வாடகையை நிறுத்திவிட்டு "அட்வான்ஸில் கழிச்சுக்கோங்க" என்பது. அவர் முன்பே சம்மதித்திருந்தால் ஒழிய அதைச் செய்யாதீர்கள், அது வாடகை பாக்கி என்றாகி நீங்கள் கேட்கிற எந்தச் சலுகையும் நின்றுபோகும். நேராகக் கொடுத்துவிட்டு அட்வான்ஸை முழுசாகக் கேளுங்கள். அதே 2017 சட்டப்படி, காலி செய்து ஒரு மாதத்துக்குள், நியாயமான பாக்கியைக் கழித்துக்கொண்டு அட்வான்ஸைத் திருப்பித் தர வேண்டும். "அடுத்த ஆள் அட்வான்ஸ் கொடுத்த பிறகுதான்" என்று ஒப்பந்தத்தில் எழுதியிருக்கிறதா என்றும் பாருங்கள், அப்படி இருந்தால் அதையும் இப்போதே பேசி ஒரு தேதி வாங்கிவிடுங்கள்.

இன்னொன்று, அவசரப்பட்டு நோட்டீஸ் கொடுக்காதீர்கள். பில்டர் "அடுத்த மாசம் சாவி" என்றதை நம்பி நோட்டீஸ் கொடுத்துவிட்டு, லிஃப்ட் வரவில்லை, மின் இணைப்பு வரவில்லை என்று தள்ளிப்போனால், இங்கே அதற்குள் புது ஆள் அட்வான்ஸ் கொடுத்திருப்பார். அப்போது நோட்டீஸைக் குறைக்கக் கேட்ட நீங்களே நீட்டிக்கக் கேட்டு நிற்க வேண்டும், அதற்கும் சம்மதம்தான் வேண்டும். சாவி கையில் வந்து, குழாயைத் திறந்தால் தண்ணீர் வருகிறது, சுவிட்சைப் போட்டால் விளக்கு எரிகிறது என்று பார்த்த பிறகு ஓனர் வீட்டுக் கதவைத் தட்டுங்கள்.