உருமியில் எது ஒரே அடி?

மலேசியாவின் சுங்கை சிப்புட் போன்ற ஒரு தோட்டப்புற ஊரில் காளியம்மன் திருவிழா. உருமி மேளம் ஏற ஏற ஒருவருக்கு அருள் வருகிறது. ஒலிப்பதிவைக் கணினியில் போட்டுப் பார்க்கும்போது, அடிகளுக்கு நடுவே இருந்த 0.5 விநாடி இடைவெளி 0.4 ஆகச் சுருங்கியிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அதாவது நிமிடத்துக்கு 120 அடி 150 ஆகிவிட்டது. உடனே, 'வேகம் கூடியதால்தான் அருள் வந்தது' என்று எழுதக் கை துறுதுறுக்கும்.

இப்படி வெளியே நின்று அளப்பது எட்டிக் பார்வை. வாசிப்பவர்கள் எதை எதிலிருந்து பிரித்துக் கேட்கிறார்கள் என்று தேடுவது எமிக் பார்வை. மொழியியலாளர் கென்னத் பைக் 1954இல் ஒலியியலிலிருந்து இந்த இணையை உருவாக்கினார். கல், பகல், தங்கம் மூன்றிலும் வரும் ககரத்தைக் கருவி வெவ்வேறு ஒலிகளாகக் காட்டும். நமக்கோ எல்லாம் ஒரே க.

உருமிக்கும் இதே சோதனையைச் செய்யலாம். மேளக்காரர்கள் ஓர் 'அடி' என்று சொல்லும் தாள அமைப்பைப் பத்து விநாடி பதிவுசெய்து, சுருதி மாறாமல் வேகத்தை மட்டும் கூட்டி ஒரு பிரதி எடுங்கள். உருமியின் ஒரு பக்கத்தை வளைந்த குச்சியால் தேய்ப்பார்கள், மறுபக்கத்தை அடிப்பார்கள். அடுத்து, அந்தத் தேய்ப்பு இல்லாமல் அதே அடியை வாசிக்கச் சொல்லிப் பதியுங்கள். மேளக்காரர் ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் போட்டுக்காட்டி, "ஒரே அடியா, வேற அடியா?" என்று மட்டும் கேளுங்கள். கூட்டமாக உட்கார வைத்தால் மூத்தவர் சொல்வதே எல்லோருடைய பதிலாகிவிடும். இடையில் ஒரே பதிவை இருமுறை போடுங்கள். அதற்கே பதில் மாறினால், கேள்வி புரியவில்லை என்று அர்த்தம்.

வேகமானதை 'அதே அடிதான்' என்றும், தேய்ப்பு இல்லாததை 'இது உருமியே இல்ல' என்றும் சொன்னால், அவர்கள் காதில் அடியைப் பிரித்துக்காட்டுவது வேகம் அல்ல. அளவுக்கும் சார்பு உண்டு. அடி கண்டுபிடிக்கும் மென்பொருள், சட்டென்று எழும் ஒலியைத் தேடுகிறது. தேய்ப்பொலி மெல்ல எழுவதால் அது பெரும்பாலும் கணக்கில் சேராமல் போகும். அந்த 120, 150 எல்லாம் அடிக்கும் பக்கத்தின் கணக்குதான்.

கேட்பவர் யார் என்பதாலும் பதில் மாறும். வெளியாளுக்குக் கோயில் மலரில் அச்சிடுகிற மாதிரி ஒரு விளக்கம் கிடைக்கும். ஊர்ப் பையன் கேட்டால், "உனக்குத் தெரியாததா தம்பி?" என்று பேச்சு முடிந்துவிடும்; அவன் மாமா வேறு மேளக் குழுவில் இருந்தால் சொல்வதையும் அளந்துதான் சொல்வார்கள். ஆகவே உள்ளூர் ஆய்வாளர், கேட்கப் போகும் முன்பே தன் பதிலை எழுதி வைப்பது நல்லது. தெரிந்ததாக நினைத்துக் கேட்காமல் விட்ட கேள்விகள் அப்போது கண்ணில் படும்.

உள்ளூர்ப் பார்வையும் ஒன்றாக இருக்காது. பூசாரி, அம்மன் இறங்கியதால் மேளம் ஏறியது என்று சொல்லலாம். வாசிப்பவரோ, "உடம்பு ஆடுறதப் பார்த்துத்தான் ஏத்துனோம்" என்று சொல்லலாம். இசை மட்டுமே யாரையும் அந்த நிலைக்குத் தள்ளிவிடாது என்று பிரெஞ்சு இசை ஆய்வாளர் கில்பர்ட் ரூஜே 1980இலேயே வாதிட்டார். வாசிப்பவர் சொன்னதைச் சரிபார்க்க முடியும். மேளக்காரரும் அருள் வந்தவரும் ஒரே சட்டகத்தில் தெரியும்படி வீடியோ எடுங்கள். ஒலியைத் தனியாகப் பதிந்தால், தொடக்கத்தில் கேமரா முன் ஒருமுறை கைதட்டி இரண்டையும் பொருத்திக்கொண்டு, நடுக்கம் முந்தியதா வேகம் முந்தியதா என்று பாருங்கள்.