கண்ணாடி இழையில் வராத மின்னல் ரவுட்டருக்குள் நுழையும் வழி

ஃபைபர் இணைப்பு வந்த பிறகு மின்னலைப் பற்றிப் பயமில்லை என்று பலர் நம்புகிறார்கள். பழைய தொலைபேசி இணைப்பில் தெருக்கம்பத்திலிருந்து செப்புக் கம்பி நேராக வீட்டுக்குள் வந்தது. மின்னலின் அதிர்ச்சியும் அதனோடு வந்தது. இப்போது வருவது கண்ணாடி இழை. கண்ணாடி மின்சாரத்தைக் கடத்தாது. இதில் பிழை எதுவும் இல்லை. ஆனாலும் ஒக்டோபர், நவம்பரில் திருகோணமலையில் மாலை இடிமழை தொடங்கிவிட்டால், ஃபைபர் பெட்டிகள் பழுதாகிப் போவது நிற்பதில்லை. அந்தப் பழுதுகளில் நான் அதிகம் கண்டது லேன் போர்ட் மட்டும் செயலிழப்பது. அதன் காரணம் தெருவில் இல்லை, பெரும்பாலும் நம் முற்றத்திலேயே இருக்கிறது.

உப்புவெளியில் ஒரு சிறு விடுதியை எடுத்துக்கொள்வோம். முன்வீட்டில் ஃபைபர் பெட்டி. பின்னால் விருந்தினர் அறைகள் உள்ள தனிக் கட்டடம். இரண்டுக்கும் நடுவே ஏறத்தாழ 30 மீட்டர் முற்றம். ஃபைபர் பெட்டியின் இரண்டாம் லேன் போர்ட்டிலிருந்து ஒரு கம்பி சுவர் வழியாக மேலேறி, தென்னை மரங்களுக்கு இடையே தொங்கி, பின்கட்டடத்தில் இருக்கும் இன்னொரு வைஃபை பெட்டிக்குப் போகிறது. ஒரு மாலை கடுமையான இடி. உரிமையாளர் ஃபைபர் பெட்டியின் சுவர்ச் சுவிட்சை அணைத்துவிட்டார். மறுநாள் காலை முன்வீட்டில் இணையம் வழக்கம்போல் வேலை செய்தது. பின்னறைகளில் வைஃபையின் பெயர் கைபேசியில் தெரிந்தது, இணையம் மட்டும் இல்லை.

இப்படி ஒன்று நடந்தால் முதலில் செய்ய வேண்டியது, எது பழுதானது என்று பார்ப்பதோடு நின்றுவிடாமல், எவை எவை சேர்ந்து பழுதாயின என்று பார்ப்பது. அந்த விடுதியில் ஃபைபர் பெட்டியின் இரண்டாம் போர்ட்டில் கம்பியைச் செருகினாலும் விளக்கு எரியவில்லை. மறுமுனையில் இருந்த பெட்டியின் போர்ட்டில் கம்பியைக் கழற்றிய பிறகும் விளக்கு அணையாமல் எரிந்தது. தொலைக்காட்சி, குளிர்சாதனப் பெட்டி, கைபேசிச் சார்ஜர்கள் எதற்கும் ஒன்றுமில்லை. ஒரே கம்பியின் இரு முனைகளும் மட்டும் செத்திருந்தால், அதிர்ச்சி அந்தக் கம்பி வழியாகவே போயிருக்கிறது என்பது கிட்டத்தட்ட உறுதி. அடாப்டரோடு சேர்ந்து மின்குமிழ்கள், மின்விசிறிச் சீராக்கி, தொலைக்காட்சி என்று வீடு முழுவதும் பொருள்கள் போயிருந்தால் அது மின்வழங்கலில் வந்த மிகை அழுத்தம். கம்பத்தில் நடுநிலைக் கம்பி விட்டுப்போனால் இடியே இல்லாமலும் இது நடக்கும். அப்போது ரவுட்டரை மாற்றுவதற்கு முன் மின்சாரம் வழங்கும் நிறுவனத்துக்குச் சொல்ல வேண்டும். இல்லையென்றால் புதியதும் போய்விடும்.

விடுதியின் மீது மின்னல் விழவில்லை. அது விழுந்தது எங்கோ அருகில். பிறகு 30 மீட்டர்க் கம்பிக்கு அது எப்படி வந்தது?

மின்னல் என்பது மிகக் குறுகிய நேரத்தில் பாயும் மிகப் பெரிய மின்னோட்டம். சாதாரண மின்னல் ஒன்றின் உச்சம் 30,000 அம்பியர் அளவில் இருக்கும். அது ஒரு சில மைக்ரோ செக்கனுக்குள் அந்த உச்சத்தை எட்டிவிடும். மின்னோட்டம் பாயும் இடத்தைச் சுற்றிக் காந்தப்புலம் தோன்றும். அந்தப் புலம் வேகமாக மாறும்போது அருகில் உள்ள எந்தக் கம்பி வளையத்திலும் மின்னழுத்தம் பிறக்கும். இது மின்பிறப்பாக்கி இயங்கும் அதே தூண்டல் விதிதான். நம் விடுதியில் வளையம் எங்கே இருக்கிறது? முற்றத்தின் மேலே தொங்கும் லேன் கம்பி ஒரு பக்கம். இரு கட்டடங்களுக்கும் மின்சாரம் கொண்டுபோகும் வயர் மறுபக்கம். இரண்டும் இரு முனைகளிலும் பெட்டிகள், அடாப்டர்கள் வழியாகச் சந்திக்கின்றன. 30 மீட்டர் நீளம், இரண்டுக்கும் இடையே 3 மீட்டர் உயர வேறுபாடு என்றால் 90 சதுர மீட்டர்ப் பரப்புள்ள வளையம் ஒன்றை நாமே கட்டி வைத்திருக்கிறோம்.

மின்னல் 100 மீட்டர் தள்ளி விழுந்து, 30,000 அம்பியரை 3 மைக்ரோ செக்கனில் எட்டுகிறது என்று வைத்துக் கணக்கிட்டால், அந்த வளையத்தில் ஏறத்தாழ 1,800 வோல்ட் பிறக்கும். 50 மீட்டரில் விழுந்தால் 3,600 வோல்ட். இது எளிமைப்படுத்திய கணக்கு. உண்மையில் ஒரே மின்னலில் அடுத்தடுத்து வரும் வெட்டுகள் இதைவிட வேகமாக எழுவதால் அழுத்தம் மேலும் கூடலாம். கம்பி அறைக்குள்ளேயே 2 மீட்டர் நீளத்தில் சுவரை ஒட்டி ஓடினால், அதே மின்னல் அதில் சில பத்து வோல்ட்டுக்கு மேல் உண்டாக்குவது அரிது. முன்வீட்டுத் தொலைக்காட்சிக்குப் போன சிறு கம்பி தப்பியதன் காரணம் இதுதான்.

இனி போர்ட்டுக்குள் போவோம். லேன் போர்ட்டின் உலோக ஊசிகள் நேராக மின்சில்லுடன் இணைக்கப்படுவதில்லை. நடுவே மிகச் சிறிய மின்மாற்றிகள் உண்டு. அவை தரவுச் சைகையைக் காந்தப்புலம் வழியாக மட்டும் கடத்திவிட்டு, இரு பக்கத்தையும் மின்சாரத்தால் பிரித்து வைக்கின்றன. ஈதர்நெட் தரநிலைப்படி இந்தப் பிரிப்பு 1,500 வோல்ட் மாறுமின்னழுத்தத்தை ஒரு நிமிடம் தாங்க வேண்டும். அல்லது 2,400 வோல்ட் கணத்துடிப்புகளைத் தாங்க வேண்டும். ஆகவே 1,800 வோல்ட்டில் நல்ல போர்ட் பிழைத்துக்கொள்ளும். 3,600 வோல்ட்டில் உள்ளே பொறி தாவக்கூடும். தாவிய மின்னோட்டம் சில வோல்ட்டில் இயங்கும் சில்லின் வழியாகப் பாய்ந்து, சுற்றுப்பலகைக்குப் போய், அடாப்டர் வழியாக மின்வயருக்கு வெளியேறும். சுவிட்சை அணைத்ததும் இதைத் தடுக்கவில்லை. நம் சுவர்ச் சுவிட்சுகள் பெரும்பாலும் ஒரு கம்பியை மட்டுமே துண்டிப்பவை. நடுநிலைக் கம்பி இணைந்தே இருக்கும்.

இதில் நான் மிகவும் வலியுறுத்த விரும்புவது, போர்ட் அரைகுறையாகச் சாவது. முழுதாகச் செத்தால் உடனே தெரிந்துவிடும். ஆனால் லேன் கம்பியில் நான்கு சோடிகள் உண்டு. ஒரு ஜிகாபிட் வேகத்துக்கு நான்கும் வேண்டும். 100 மெகாபிட்டுக்கு இரண்டு சோடிகள் போதும். மின்னல் மற்ற இரண்டில் ஒரு சோடியின் சுற்றை மட்டும் கெடுத்துவிட்டால், விளக்கு எரியும், இணையமும் வரும், வேகம் மட்டும் பத்தில் ஒன்றாகச் சுருங்கும். பலர் மாதக்கணக்கில் சேவை வழங்குநருடன் சண்டை பிடிப்பது இதனால்தான். மேலும், பெட்டியின் நான்கு போர்ட்களையும் பெரும்பாலும் ஒரே சில்லுதான் இயக்குகிறது. ஒரு போர்ட் எரிந்தால் பக்கத்துப் போர்ட்களையும் சோதிக்காமல் விடக் கூடாது.

சோதிக்க மடிக்கணினியும் நன்றாக இருக்கிறது என்று உறுதியாகத் தெரிந்த குட்டைக் கம்பியும் போதும். முற்றத்துக் கம்பியை வைத்துச் சோதிக்காதீர்கள், அதுவே பழுதாகியிருக்கலாம். ஒவ்வொரு போர்ட்டிலும் செருகி, விண்டோஸ் கணினியின் பவர்ஷெல்லில் இவற்றைத் தட்டச்சுங்கள்:

```
Get-NetAdapter
ping -n 100 192.168.1.1
```

முதல் கட்டளை காட்டும் LinkSpeed என்ற இடத்தில், ஜிகாபிட் போர்ட் என்றால் 1 Gbps வர வேண்டும். 100 Mbps வந்தால் அதே கம்பியைப் பக்கத்துப் போர்ட்டில் செருகிப் பாருங்கள். அங்கே 1 Gbps வந்தால் குற்றம் முதல் போர்ட்டில். இரண்டாவது கட்டளை வைஃபையை அணைத்துவிட்டுச் செய்ய வேண்டியது. அதிலுள்ள முகவரி பெட்டிக்குப் பெட்டி மாறலாம். பெட்டியின் அடியில் ஒட்டிய தாளில் அது இருக்கும். ஒரு மீட்டர்க் கம்பியில் நூறு அழைப்புகளில் சில தொலைந்தாலே அந்த போர்ட்டை நம்ப முடியாது. பெட்டி முன்பைவிடச் சூடாக இருப்பதும், தானாக அணைந்து எழுவதும் உள்ளே ஏதோ கசிகிறது என்பதற்கான அறிகுறிகள்.

தானாக அணைந்து எழுந்தால் பெட்டியைக் குறை சொல்லும் முன் அடாப்டரை மாற்றிப் பாருங்கள். அடிபட்ட அடாப்டர் மல்டிமீட்டரில் 12 வோல்ட் காட்டிவிட்டு, பெட்டி மின்னோட்டத்தை இழுக்கும்போது மட்டும் தளர்ந்துபோகும். மாற்று அடாப்டரின் வோல்ட்டும் முனைத் திசையும் பழையதைப் போலவே இருக்க வேண்டும். அம்பியர் சமமாகவோ கூடவோ இருக்கலாம். எரிந்த மணம் வந்தாலோ உறை வீங்கியிருந்தாலோ அந்த அடாப்டரை மீண்டும் செருக வேண்டாம்.

ஃபைபர் பக்கத்தின் நிலையைப் பெட்டியின் விளக்குகள் சொல்லும். PON நிலையாக எரிந்து LOS அணைந்திருந்தால் ஒளி நலமாக வருகிறது. LOS சிவப்பாக எரிந்தால் ஒளி வரவில்லை அல்லது போதவில்லை. இடிமழைக்குப் பிறகு அதற்குப் பொதுவான காரணம் மின்னல் அல்ல, காற்றில் முறிந்த கிளை கம்பியை இழுத்திருப்பதுதான். உலாவியில் பெட்டியின் அமைப்புப் பக்கத்துக்குள் நுழைய முடிந்தால், வந்து சேரும் ஒளியின் வலுவைக் காட்டும் Rx Power என்ற எண்ணைப் பாருங்கள். பெரும்பாலான வீட்டு இணைப்புகளுக்கு மைனஸ் 27 டிபிஎம் அளவே கடைசி எல்லை. அதற்குக் கீழே இணைப்பு தடுமாறும். கழற்றிய இழையின் முனைக்குள் கண்ணால் பார்க்க வேண்டாம். அதில் வரும் லேசர் ஒளி கண்ணுக்குத் தெரியாது, தீங்கு மட்டும் செய்யக்கூடும்.

வீட்டின் ட்ரிப் சுவிட்ச் இதிலிருந்தெல்லாம் காப்பாற்றும் என்று எண்ணுபவர்கள் உண்டு. அது விழுவதற்குப் பத்து இருபது மில்லி செக்கன்களாவது வேண்டும். ஒரு மின்னல் வெட்டு அதற்கு வெகுமுன்பே முடிந்துவிடும். அது மனிதரைக் காக்கும் கருவி, மின்சில்லைக் காப்பது அல்ல. மிகை அழுத்தம் தடுக்கும் பலகைகள் ஓரளவு உதவும், ஆனால் அவை அதிர்ச்சியை வெளியேற்ற நல்ல எர்த் வேண்டும். உப்புவெளி, நிலாவெளிப் பக்கத்து மணல் காய்ந்திருக்கும்போது அது மோசமான கடத்தி. எர்த் கம்பியை எலெக்ட்ரீசியனைக் கொண்டு அளந்து பார்க்காமல் பலகையை நம்புவது வீண். இடி தொலைவில் கேட்கத் தொடங்கியதுமே, தலைக்குமேல் வருவதற்கு முன், பிளக்கைச் சுவரிலிருந்து பிடுங்கி, முற்றத்துக்குப் போகும் லேன் கம்பியையும் கழற்றுவது செலவில்லாத வழி. இடி நெருங்கிவிட்டால் கம்பிகளைத் தொடாதீர்கள்.

விடுதியில் ஃபைபர் பெட்டியையும் பின்கட்டடத்துப் பெட்டியையும் மாற்ற வேண்டியிருந்தது. அதைவிட முக்கியமான மாற்றம் முற்றத்தில் நடந்தது. செப்புக் கம்பியை எடுத்துவிட்டு, உலோகமே இல்லாத ஃபைபர் கம்பியைப் போட்டு, இரு முனைகளிலும் ஒளியை மின்சைகையாகவும் மின்சைகையை ஒளியாகவும் மாற்றும் மீடியா கன்வர்ட்டர் வைத்தார்கள். வளையம் அறுந்துவிட்டது. இதில் கவனிக்க வேண்டியது கம்பியின் வகை. கம்பத்திலிருந்து வரும் தட்டையான ஃபைபர் கம்பிகள் பலவற்றில் தாங்குவதற்கென்று ஓர் இரும்புக் கம்பி சேர்ந்தே ஓடும். இழை மின்சாரத்தைக் கடத்தாது, இரும்பு கடத்தும். அந்த இரும்பை வெளிச்சுவர்க் கொக்கியோடு வெட்டி நிறுத்திவிட்டு, கறுப்பு உறையுள்ள இழையை மட்டும் வீட்டுக்குள் கொண்டுவர வேண்டும்.