கேஸ் குறையவில்லை, ஃபிளாப் நகரவில்லை

குன்னூரில் கார் ஏசி, எலக்ட்ரிக்கல் வேலை பார்க்கிறேன். குளிர்காலம் வந்தால் ஒரே கோளாறு இரண்டு விதமான புகாராக வரும். "மேலே ஹீட்டர் வேலை செய்யவில்லை" என்பார் ஒருவர். "மேட்டுப்பாளையம் இறங்கினால் ஏசியில் சூடாக வருகிறது" என்பார் இன்னொருவர். முதலாமவருக்கு ஹீட்டர் காயிலை மாற்றச் சொல்லியிருப்பார்கள், இரண்டாமவருக்கு கேஸ் அடித்திருப்பார்கள். பல வண்டிகளில் இரண்டுக்குமே தேவை இருந்திருக்காது.

டேஷ்போர்டுக்குள் இருக்கும் பெட்டியில் கூலிங் காயில் ஒன்று, ஹீட்டர் காயில் ஒன்று. எஞ்சினின் சூடான கூலண்ட் ஹீட்டர் காயிலுக்குள் ஓடுகிறது. எவ்வளவு காற்று அதன் வழியாகப் போக வேண்டும் என்பதை ஒரு பிளாஸ்டிக் ஃபிளாப் தீர்மானிக்கிறது. ஆட்டோமேடிக் ஏசி வண்டிகளில் அந்த ஃபிளாப்பைத் திருப்புவது உள்ளங்கைக்குள் அடங்கும் ஒரு சின்ன மோட்டார். அதுதான் பிளெண்ட் டோர் ஆக்சுவேட்டர். அது எந்த நிலையில் செத்ததோ, ஃபிளாப் பெரும்பாலும் அங்கேயே நின்றுவிடும். சூட்டுப் பக்கம் நின்றால் சூடு, குளிர்ப் பக்கம் நின்றால் குளிர். குமிழை எப்படித் திருப்பினாலும் மாறாது. சாதாரணக் குமிழ் வைத்த பல வண்டிகளில் மோட்டாருக்குப் பதில் கேபிள்தான் இருக்கும். அங்கே கேபிள் கிளிப்பிலிருந்து கழன்றிருக்கிறதா என்று பார்த்தால் போதும்.

கோத்தகிரிப் பக்கம் எஸ்டேட்டில் வேலை செய்யும் ஒருவர் வண்டியைக் கொண்டுவந்தார். "கேஸ் அடிச்சும் சூடாத்தான் வருதுண்ணே" என்றார். எஞ்சினை ஓடவிட்டு ஏசியைப் போட்டேன். ஏசியின் தடித்த பைப் சில்லென்று, மேலே நீர் கோத்து இருந்தது. குளிர்ச்சி உற்பத்தியாகிறது என்று அதிலேயே தெரிந்துவிட்டது. அப்புறம் டெம்பரேச்சரைக் கடைசிச் சூட்டில் வைத்து, ஹீட்டருக்குப் போகும் இரண்டு ஹோஸையும் தொட்டுப் பார்த்தேன். இரண்டும் ஒரே சூடு, எஞ்சின் முள்ளும் வழக்கமான இடத்தில். ஆகச் சூடும் இருக்கிறது, குளிரும் இருக்கிறது. கலக்கும் இடத்தில்தான் தப்பு.

ஹோஸில் ஒன்று சுட்டு மற்றொன்று ஆறிப்போயிருந்தால் ஹீட்டர் காயில் அடைப்பு, அல்லது உள்ளே காற்று சிக்கிக் கூலண்டைத் தடுக்கும் காற்றுப் பூட்டு. இரண்டுமே வெதுவெதுப்பாக இருந்தால் கூலண்ட் குறைவு, அல்லது தெர்மோஸ்டாட் மூடாமல் நிற்பது. இதைத் தொட்டுப் பார்க்கும்போது கை ஃபேன் பக்கம் போகக் கூடாது, சூட்டில் ரேடியேட்டர் மூடியைத் திறக்கவே கூடாது.

அடுத்தது காது. ஃபேனைக் குறைத்து, குமிழைக் குளிரிலிருந்து சூட்டுக்கு மெதுவாகத் திருப்பினேன். டேஷ்போர்டுக்குள் இடப்பக்கம் 'டிக் டிக்' என்று விடாமல் சத்தம். மோட்டார் சுற்றுகிறது, பல்சக்கரம் பல் போய் நழுவுகிறது என்று அர்த்தம். சத்தமே இல்லாமல் ஃபிளாப்பும் அசையாவிட்டால் மோட்டாரோ வயரோ போயிருக்கலாம்.

குளோவ் பாக்ஸைக் கழற்றினேன். பக்கத்திலேயே ஒரே மாதிரி மோட்டார்கள் இருக்கும்: ஒன்று முகம், கால், கண்ணாடி என்று காற்றின் திசையை மாற்றுவது, இன்னொன்று வெளிக்காற்றை அடைப்பது. குமிழைத் திருப்பும்போது எது முனகுகிறதோ அதுதான் நமக்கு வேண்டியது. கழற்றித் திறந்தால் பிளாஸ்டிக் சக்கரத்தில் பற்கள் உதிர்ந்திருந்தன.

புதியதை உடனே மாட்டிவிடக் கூடாது. ஃபிளாப்பின் தண்டை விரலால் இரு கோடிக்கும் திருப்பிப் பாருங்கள். இவர் வண்டியில் லகுவாகத் திரும்பியது. இறுகியிருந்தால் கோளாறு ஃபிளாப்பில், புது மோட்டாரும் சீக்கிரம் பல்லிழக்கும். உதிரி வரும்வரை தண்டைக் கையாலேயே சூட்டுப் பக்கம் திருப்பிவிட்டேன். டிசம்பர், ஜனவரி உறைபனியில் அவருக்கு அது போதுமானதாக இருந்தது.

குளிர்ப் பக்கம் சிக்கிய வண்டியோடு மலைப்பாதையில் வருபவருக்குத்தான் எனக்குக் கவலை. சூடான காற்று கிடைக்காவிட்டால் முன்கண்ணாடி உள்ளே பனி படரும். வெளிக்காற்றைத் திறந்து, காற்றைக் கண்ணாடிக்குத் திருப்பி, ஏசியையும் போடுங்கள். ஏசி காற்றின் ஈரத்தை எடுத்துவிடும். ஆனால் வெளியே உறைநிலை நெருங்கினால் பல வண்டிகளில் கம்ப்ரஸரே ஓடாது. அப்போது ஜன்னலை இரண்டு விரல் அளவு இறக்கி, தெளியும்வரை ஓரமாக நிறுத்துவதே சரி.

புது மோட்டாரைத் தண்டோடு பொருந்திய பிறகுதான் திருகணும், வெளியே தொங்கவிட்டு கரண்ட் கொடுக்கக் கூடாது. மாட்டியதும் அது இரு கோடிகளையும் தெரிந்துகொள்ள வேண்டும். சில வண்டிகளில் இக்னிஷனைப் போட்டு, ஒரு நிமிடம் எந்தப் பட்டனையும் தொடாமல் விட்டால் தானே அளந்துகொள்ளும். சிலவற்றுக்கு ஸ்கேனர் மாட்டித்தான் கற்றுக்கொடுக்க வேண்டும். இதைச் செய்யாமல் வண்டியைக் கொடுத்தால் புது மோட்டாரோடும் பாதிச் சூடுதான் வரலாம்.