மதிப்பெண் தாளில் ஒரே கட்டம்

ஸ்டார்ட்அப் போட்டிகளில் நடுவராக உட்காரும்போது, மதிப்பெண் தாளில் நான் முதலில் தேடுவது 'வாடிக்கையாளர் ஆதாரம்' என்ற கட்டத்தை. பல தாள்களில் அது இருக்காது. இருந்தாலும் 1 முதல் 5 வரை என்று மட்டும் போட்டிருப்பார்கள். 3 என்றால் என்ன, 4 என்றால் என்ன என்று எழுதாத தாளில், நன்றாகப் பேசிய அணிக்கே எல்லாக் கட்டத்திலும் 4 விழும்.

அதனால் போட்டிக்கு முன்பே அமைப்பாளர்களிடம் சொல்லி இப்படி எழுதி வாங்கிவிடுவேன்: வெறும் ஊகம் என்றால் 1, வாடிக்கையாளர்களிடம் பேசியிருந்தால் 2, இலவசமாகப் பயன்படுத்திப் பார்த்திருந்தால் 3, காசு கொடுத்து வாங்கியிருந்தால் 4, மறுபடியும் வந்து வாங்கியிருந்தால் 5.

ஓர் அணி கிராமத்துப் பால் சேகரிப்பு மையங்களுக்காகச் சிறிய குளிரூட்டும் இயந்திரம் கொண்டு வந்தது என்று வைத்துக்கொள்வோம். மாதிரி இயந்திரம் மேடையிலேயே ஓடுகிறது, பேச்சும் பிரமாதம். ஐம்பது மையங்கள் ஆர்வம் காட்டியதாகக் கடிதங்களும் இருக்கின்றன. ஆனால் யாரும் இன்னும் பயன்படுத்தவில்லை. தாளின்படி இது 2 தான். பக்கத்து நடுவர் 5 போட்டிருந்தால், கடிதத்துக்கும் பணத்துக்கும் உள்ள வித்தியாசத்தைத் தாளைக் காட்டியே பேசலாம். ஆனால் அந்தப் பேச்சு, எல்லோரும் தனித்தனியாக மதிப்பெண் போட்டு முடித்த பிறகுதான். முன்னாலேயே பேசினால் மூத்தவர் சொன்ன எண்ணையே மற்றவர்களும் எழுதுவார்கள்.

அடுத்தது எழுத்துக் கருத்து. இயந்திரத்தின் விலை 1,80,000 ரூபாய், 14 மாதத்தில் முதல் திரும்பிவிடும் என்கிறார்கள். அவர்கள் கணக்கு இது: நாளுக்கு 300 லிட்டரில் 5 சதவீதம், அதாவது 15 லிட்டர் கெட்டுப்போகிறது. லிட்டர் 35 ரூபாய் என்றால் மாதம் 15,750. மின்சாரம் 3,000 போக 12,750 மிச்சம். கணக்கில் தப்பில்லை. ஆனால் கெட்டுப்போவது 2 சதவீதம்தான் என்றால் மிச்சம் 3,300 ஆகிவிடும், முதல் திரும்ப நாலரை வருடம் பிடிக்கும். மொத்தத் திட்டமும் அந்த 5 சதவீதம் என்ற ஒரே எண்ணின் மேல்தான் நிற்கிறது.

'நல்ல முயற்சி, நிதித் திட்டத்தில் கவனம் தேவை' என்று எழுதினால் அந்தப் பிள்ளைகள் இதை எப்படிக் கண்டுபிடிப்பார்கள்? நான் எழுதுவது இப்படி இருக்கும்: "5 சதவீதம் எங்கிருந்து எடுத்தது என்று சொல்லவில்லை. பத்து மையங்களின் பதிவேட்டில் ஒரு மாதம் திருப்பி அனுப்பப்பட்ட பாலைக் கூட்டிப் பாருங்கள், கோடை மாதம் தனியாக. 2 சதவீதத்துக்குக் கீழே வந்தால் இயந்திரத்தை விற்பதை விட வாடகைக்கு விடுவது பொருந்துமா என்று பாருங்கள். ஒரு மையத்திலாவது இரண்டு வாரம் ஓட்டிக் காட்டினால் ஆதாரக் கட்டத்தில் 3 கிடைக்கும்."

இப்படி எழுத ஓர் அணிக்கு ஐந்து நிமிடம் வேண்டும். அடுத்த அணி மேடை ஏறும் முன் அந்த இடைவெளியை நிகழ்ச்சி நிரலிலேயே கேட்டு வாங்குங்கள். சாயங்காலம் மொத்தமாக எழுத உட்கார்ந்தால் எந்த அணி எந்த எண்ணைச் சொன்னது என்பதே கலந்துவிடும்.