சாவி அதிகமானதால் எந்தக் கடிகாரமும் நிற்பதில்லை

தாத்தாவின் பாக்கெட் வாட்ச் ஒன்று, உள்ளே தேங்காய் எண்ணெய், வெளியே ஒரு குற்றவாளி. பழுது பார்க்கும் மேசைகளுக்கு இந்த மூன்றும் சேர்ந்தே வந்துகொண்டிருக்கின்றன. இந்த முறை குற்றவாளிக்கு வயது 13. திருச்சியில் நாற்பது ஆண்டுக்கும் மேலாக இதே தொழிலில் இருக்கும் ஒரு பெரியவரின் கடைக்கு, கைக்குட்டையில் சுற்றிய கடிகாரத்தோடு வந்த அந்தப் பையன் முதலில் சொன்னதே இதுதான்: “சாவி ஓவரா குடுத்துட்டேங்கய்யா. என்னாலதான் நின்னுபோச்சு.”

தாத்தா ரயில்வேயில் கார்டாக இருந்தவர். கடிகாரம் சுவிட்சர்லாந்தில் செய்த 15 கல் லீவர் வாட்ச், வெள்ளை எனாமல் டயல். தாத்தா போன பிறகு பீரோவில் பல ஆண்டுகள் கிடந்திருக்கிறது. அதை எடுத்து ஓடவைக்கப் பார்த்த சித்தப்பா, பின்மூடியைக் கத்தியால் நெம்பித் திறந்து, நான்கு சொட்டுத் தேங்காய் எண்ணெய் விட்டிருக்கிறார். கடிகாரம் இரண்டு நாள் ஓடியிருக்கிறது, அதுவும் நாளுக்கு அரை மணி நேரத்துக்கு மேல் வேகமாக. மூன்றாம் நாள் நின்றது. பையன் முழுச் சாவி கொடுத்துப் பார்த்தான். அசையவில்லை. வீட்டில் தீர்ப்பு எழுதிவிட்டார்கள்.

இதை எத்தனை முறை சொன்னாலும் போதவில்லை. சாவி முழுமையாகக் கொடுப்பது கடிகாரத்தைக் கெடுக்காது. மெயின் ஸ்பிரிங் என்பது ஒரு டப்பாவுக்குள் சுருண்டிருக்கும் எஃகு நாடா. சாவியைத் திருகத் திருக அது நடு அச்சைச் சுற்றி இறுகும். கடைசிச் சுற்று வந்ததும் இறுக இடமில்லாமல் கை தானாகத் தடைபடும். அந்தத் தடை வரைக்கும் கொடுப்பதற்காகத்தான் அதைச் செய்திருக்கிறார்கள். அதற்கு மேல் பல்லைக் கடித்துக்கொண்டு திருகினால் ஸ்பிரிங்கோ கொக்கியோ உடையும். அப்படி உடைந்தால் சாவி இறுக்கமாக நிற்காது, பிடிப்பே இல்லாமல் சுற்றிக்கொண்டே இருக்கும். ஆகவே “சாவி டைட்டா நிக்குது, ஆனா ஓடல” என்றால் ஸ்பிரிங் நன்றாக இருக்கிறது, விசையும் முழுதாக இருக்கிறது என்று பொருள். அந்த விசை, முன்னும் பின்னும் ஆடி நேரத்தை அளக்கும் பேலன்ஸ் வீல் வரை போய்ச் சேரவில்லை. கோளாறு நடுவில் எங்கோ இருக்கிறது. சாவி கொடுத்தவரின் விரலில் இல்லை.

பெரியவர் இதைப் பையனுக்கு வாயால் விளக்கவில்லை. பின்மூடியைத் திறந்து, ராட்செட் சக்கரத்தின் பல்லில் மாட்டியிருக்கும் சிறு நாக்கைக் காட்டினார். சாவி பின்னோக்கி அவிழாமல் பிடித்திருப்பது அதுதான். “தம்பி, சாவியை ரெண்டு விரலால கெட்டியாப் புடி. நான் இந்த நாக்கைத் தள்ளுவேன். விட்டுறாத, மெதுவா நழுவ விடு.” மரக்குச்சியால் அவர் நாக்கை ஒதுக்கியதும் சாவி பையனின் விரலுக்குள் பின்பக்கமாகத் திமிறியது. அவன் கொஞ்சங்கொஞ்சமாக விட்டான். ஏறத்தாழ ஒரு நிமிடம் அது அவிழ்ந்துகொண்டே இருந்தது.

“இது என்னது தெரியுதா? நீ குடுத்த சாவி. அப்படியே பத்திரமா இருந்திருக்கு.”

எந்தக் கடிகாரத்தையும் பிரிப்பதற்கு முன்னால் செய்யவேண்டிய முதல் வேலையும் இதுதான். விசை இருக்கும்போதே, சக்கரங்களை ஒவ்வொரு பல்லாக மட்டும் நகரவிடும் பேலட்டைக் கழற்றினால் சக்கரங்கள் கட்டற்றுச் சுழன்று, அச்சுமுனைகள் உடைந்துபோகும். இணையத்தில் ஒரு வீடியோவைப் பார்த்துவிட்டு வீட்டில் திறப்பவர்கள் தவறவிடுவது பெரும்பாலும் இந்த ஒரு படியைத்தான்.

பிறகு பேலன்ஸை வெளியே எடுத்தார். லென்ஸில் பார்த்தால் அச்சின் இரு முனைகளும் நேராக, மழுங்காமல் இருந்தன. கீழே விழுந்த கடிகாரம் என்றால் முதலில் போவது இந்த முனைகள்தான், தலைமுடியைவிடச் சற்றே பருமன் உள்ளவை. ஆனால் பேலன்ஸை ஆட்டும் மெல்லிய சுருளான ஹேர் ஸ்பிரிங்கில் எண்ணெய் ஏறி, வெளிச்சுற்றுகள் இரண்டு ஒன்றோடொன்று ஒட்டிக்கிடந்தன. நாளுக்கு அரை மணி நேர வேகத்துக்குக் காரணம் இதுதான். சுற்றுகள் ஒட்டிக்கொண்டால் ஸ்பிரிங்கின் நீளம் குறைந்ததுபோல் ஆகும். நீளம் குறைந்தால் ஆட்டம் வேகமாகும். விநாடிக்கு ஐந்து ஆட்டம் என்று கணக்குப் பண்ணி வைத்த கடிகாரம் அதைவிட வேகமாக ஓடத் தொடங்கிவிடும். (எண்ணெயே படாத கடிகாரம் திடீரென்று இப்படி ஓடினால் காந்தம் ஏறியிருக்கலாம். காந்தம் வைத்த போன் கவரோடு ஒரே பையில் போடாதீர்கள்.)

பேலட்டையும் கழற்றிவிட்டு ஒரே ஒரு பல் அளவு சாவி கொடுத்தார். ஆரோக்கியமான கடிகாரத்தில் அந்தச் சிறு விசைக்கே எல்லாச் சக்கரமும் சர்ரென்று சுழன்று, நிற்கும் நேரத்தில் கொஞ்சம் பின்னோக்கியும் போகும். இங்கே ஒன்றும் அசையவில்லை. நான்காம் சக்கரத்தின் அச்சு சுழலும் கல்துளையில் கறுப்பும் பச்சையுமாக ஒரு பசை. பழைய காலத்து எண்ணெய் பல ஆண்டுகளில் இறுகிப்போனது, அதன்மேல் சித்தப்பாவின் தேங்காய் எண்ணெய்.

“எண்ணெய் விட்டதும் ஓடுச்சே?” என்று கேட்பார்கள். ஓடும். அதனால்தான் இந்தப் பழக்கம் ஒழியவே மாட்டேன் என்கிறது. புது எண்ணெய் பழைய பசையைக் கரைத்து ஒரு நாள், இரண்டு நாள் வழிவிடும். பிறகு கரைந்த அழுக்கு ஒவ்வொரு துளையிலும் போய் உட்காரும். தேங்காய் எண்ணெய் 24 டிகிரிக்குக் கீழே உறையக்கூடியது, மார்கழிக் காலையே அதற்குப் போதும். துருவுக்கு அடிக்கும் ஸ்பிரே இன்னும் மோசம், அது நகர்ந்து நகர்ந்து ஹேர் ஸ்பிரிங் வரை போய்விடும். தையல் மெஷின் எண்ணெயும் இருக்கவேண்டிய இடத்தில் நிற்காது. கடிகார எண்ணெய் துளையைச் சுற்றியுள்ள குழியில் பாதியோ, கொஞ்சம் கூடுதலோதான் நிற்கவேண்டும். சொட்டுக் கணக்கே கிடையாது, ஊசிமுனைக் கணக்கு. வேகமாக ஓடும் அச்சுகளுக்கு மெல்லிய எண்ணெய், மெதுவாக ஓடுபவற்றுக்குக் கனமானது, சாவிப் பகுதிக்குக் கிரீஸ். பேலட்டின் அச்சுக்கும் ஹேர் ஸ்பிரிங்குக்கும் எதுவுமே கூடாது.

சுத்தம் செய்வதில் பெரும்பங்கைப் பையனே செய்தான். ஸ்க்ரூக்களைக் கழற்றிய வரிசைப்படி ஒரு தாளில் படம் வரைந்து, அதன்மேல் அடுக்கினான். பாகங்கள் பென்சைன் என்னும் பெட்ரோலியக் கரைப்பானில் ஊறின. ஸ்பிரிட்டில் ஊறப்போடுவது பலரும் செய்யும் தவறு. பேலட்டின் கற்களையும் பேலன்ஸின் அடியிலுள்ள சிறு கல்லையும் அரக்கு வைத்துத்தான் ஒட்டியிருக்கிறார்கள், ஸ்பிரிட்டில் அரக்குக் கரையும், கல் கழன்று விழும். ஊறி எடுத்த பிறகும் கல்துளைகள் சுத்தமாகிவிடுவதில்லை. மெல்லிய மரக்குச்சியைக் கூராகச் சீவி, துளையில் விட்டுத் திருகி எடுக்கவேண்டும். கறுப்பாக வந்தால் மறுபடி சீவி, மறுபடி விடவேண்டும். நான்காம் சக்கரத்தின் துளைக்கு மட்டும் பையன் ஏழு முறை சீவினான். ஆறாம் முறை லேசான பழுப்பு. “போதுங்களா?” என்றான். “குச்சி வெள்ளையா வந்துச்சா?” என்று மட்டும் கேட்டார் பெரியவர். அவன் மறுபடி சீவினான்.

சக்கரங்களை மாட்டி, அதே ஒரு பல் சாவி. இந்த முறை எல்லாம் சுழன்று, நின்று, கால் சுற்றுப் பின்னுக்குப் போனது. அதைப் பார்த்த பிறகுதான் அவர் எண்ணெய் ஊசியைக் கையில் எடுத்தார். பேலன்ஸை இறக்கியதும், யாரும் தட்டாமல் குலுக்காமல், அதுவாகவே ஆடத் தொடங்கியது.

இனி வீட்டில் பழைய பாக்கெட் வாட்ச் வைத்திருப்பவர்களுக்கு. நின்றுபோனதைக் குலுக்காதீர்கள். பின்மூடியில் கத்தியை வைக்காதீர்கள். சில மூடி கீலில் திறக்கும், சில மறையில் கழலும், சில நகம் படும் விளிம்பில் எழும். எது என்று தெரியாமல் நெம்பினால் கத்தி நழுவிப் பேலன்ஸில் போய் நிற்கும். முள் திருப்ப, எந்த வகை என்று தெரியாமல் சாவியை இழுக்காதீர்கள். பல பழைய வாட்சுகளில் சாவிக்குப் பக்கத்தில் ஒரு சின்னப் பொத்தான் இருக்கும், அதை நகத்தால் அழுத்திக்கொண்டே சாவியைத் திருகினால்தான் முள் நகரும். தெரியாமல் இழுத்து, சாவியின் தண்டான ஸ்டெம்மை உடைத்துக்கொண்டு வருகிறார்கள், அதே அளவு ஸ்டெம் இன்றைக்குக் கிடைப்பது பெரும்பாடு.

இதைத் தயவுசெய்து கேளுங்கள்: இருட்டில் ஒளிர்வதற்காக எண்களிலும் முட்களிலும் பழுப்பு நிறப் பூச்சு இருந்தால், அதைச் சுரண்டவோ ஊதவோ வேண்டாம். பிள்ளைகள் கையில் திறந்த டயலைக் கொடுக்கவும் வேண்டாம். அது ரேடியமாக இருக்கலாம். ஒளி செத்துப்போயிருக்கும், ரேடியம் சாகாது. பாதியாகக் குறையவே அதற்கு 1600 ஆண்டுகள் ஆகும். உடம்புக்குள் போகும் தூள்தான் பெரிய ஆபத்து. மேசையில் வைக்கும்போதே “இதில் ரேடியம் இருக்கலாம்” என்று பழுது பார்ப்பவரிடம் சொல்லிவிடுங்கள்.

ஓடுகிறதே என்று சர்வீஸை விட்டுவிடவும் கூடாது. எண்ணெய் காய்ந்த பிறகும் கடிகாரம் ஓடத்தான் செய்யும், அச்சுமுனையைத் தேய்த்துக்கொண்டே ஓடும். தினமும் பயன்படுத்தினால் நான்கைந்து ஆண்டுக்கு ஒரு முறை பிரித்துச் சுத்தம் செய்யவேண்டும்.

கடிகாரத்தைத் திருப்பிக் கொடுத்த அன்று பெரியவர் பையனையே சாவி கொடுக்கச் சொன்னார். பத்துச் சுற்றில் நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்த்தான். “இன்னும் குடு. கை தானா நிக்கிற வரைக்கும் குடு.” கொடுத்தான். நின்றது கை மட்டும்தான். “டெய்லி காலைல ஏழு மணிக்குக் குடு. செல்போன் டைமோட ஒப்பிட்டு எவ்வளவு வித்தியாசம்னு ஒரு நோட்ல எழுது. ஒரு வாரம் கழிச்சு நோட்டோட வா.”

முதல் வாரத்து நோட்டில் நாளுக்கு 1 நிமிடம் 40 விநாடி வேகம் என்று இருந்தது, ஏழு நாளும் அதையொட்டியே. ஒரே மாதிரித் தவறுவதைத் திருத்திவிடலாம், நாளுக்கொரு விதமாகத் தவறினால்தான் மறுபடி பிரிக்கவேண்டும். ரெகுலேட்டர் முள்ளைத் தாமதப் பக்கம் மயிரிழை நகர்த்தினார். இரண்டாம் வாரம் நாளுக்கு 35 விநாடி வேகம். படுக்கவைத்தால் ஒரு கணக்கு, தொங்கவிட்டால் ஒரு கணக்கு என்று பையனே கண்டுபிடித்து இரண்டு பத்தியாக எழுதியிருந்தான். இவ்வளவு பழைய வாட்சில் அந்த வித்தியாசம் முழுதாகப் போகாது என்று பெரியவர் சொன்னார். ராத்திரி ஆணியில் தொங்கவிட்டால் எவ்வளவு குறையும் என்று பார்க்க, மூன்றாம் வாரத்துக்கு அவன் புதுப் பக்கம் கோடு போட்டுக்கொண்டான்.